பிரேத நீளமும் பதிவேட்டு உயரமும்: ஒப்பிடும்போது செய்யக்கூடாத தவறுகள்

கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் அடையாளம் தெரியாத ஆண் சடலம் ஒன்று ஒதுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை வழக்குதான், ஆனால் இதில் வரும் சிக்கல் உண்மையானது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் நீளம் 170 செ.மீ. என்று இருக்கிறது. புதுச்சேரி பக்கம் ஒரு குடும்பம் கொடுத்த 'ஆள் காணவில்லை' புகாரில் வயது 54, உயரம் '5.5 அடி'. இரண்டும் ஒரே ஆளாக இருக்குமா?

அந்த '5.5'தான் முதல் பள்ளம். சிலருக்கு அது ஐந்தரை அடி, அதாவது 5 அடி 6 அங்குலம், 167.6 செ.மீ. வேறு சிலர் 5 அடி 5 அங்குலத்தையே புள்ளி வைத்து அப்படி எழுதுவார்கள். அது 165.1 செ.மீ. இடையில் ஒரே ஒரு அங்குலம்தான் வித்தியாசம். ஆனால் இறந்த பிறகு உடல் நீளும் அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், இந்தக் குழப்பம் ஒன்றே சரியான ஆளைத் தள்ளிவிடப் போதும். புகார் எழுதும்போதே அடி, அங்குலம் என்று பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். '5.10' என்று எழுதியிருந்தால் அது ஐந்தடி பத்தங்குலம் என்பது தெரிந்துவிடும். '5.5', '5.6' போன்றவைதான் ஏமாற்றும்.

இனி நீளும் விஷயம். உயிரோடு நிற்கும்போது முள்ளந்தண்டை இரண்டு பக்கமும் தசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. மேலுடலின் எடை முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டத்தட்டுகளை அழுத்துகிறது. இறந்ததும் தசை இறுக்கம் போய்விடுகிறது. இடுப்பு, முழங்கால் போன்ற பெரிய மூட்டுகள் தளர்கின்றன, படுத்த நிலையில் முதுகின் வளைவும் கொஞ்சம் நிமிர்கிறது. எலும்பு வளர்வதில்லை, எலும்புகளுக்கு இடைப்பட்ட இடம்தான் கூடுகிறது. உயிரோடு இருப்பவர்களிடமும் இதன் சிறிய வடிவம் உண்டு. காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் மாலைக்குள் 1 முதல் 2 செ.மீ. வரை குறையும்.

பாடநூல்களில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு சுமார் 2 செ.மீ., சில ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது 2.5 செ.மீ. அது சராசரி மட்டுமே. எல்லா உடலுக்கும் 2 செ.மீ. கழித்தால் போதும் என்று நினைப்பதை நான் பெரிய தவறாகவே பார்க்கிறேன். இறந்த சில மணி நேரத்தில் உடலில் வரும் விறைப்பு இருக்கும்போது மூட்டுகள் இறுகியிருக்கும், விறைப்பு விலகிய பிறகு தளர்ந்திருக்கும். ஒரே உடலை இரண்டு நேரத்தில் அளந்தால் இரண்டு எண் வரலாம். நம் கரையோர வெயிலில் விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும் என்பதால், எந்த நிலையில் அளந்தோம் என்ற குறிப்பு இல்லாத அளவைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அளக்கும் முறையிலேயே இதைவிடப் பெரிய பிழை நுழைய முடியும். உடலை மல்லாத்தி, தலையை நேராக வைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நேர்கோட்டில் அளப்பதுதான் முறை. இறந்தவரின் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். அவசரத்தில் விரல் நுனி வரை அளந்தால் பத்து செ.மீ.க்கும் மேல் கூடிவிடலாம். துணி டேப்பை மார்பு, வயிறு மேல் படிய விட்டால் அது மேடு பள்ளத்தையும் சேர்த்து அளக்கும். தலைமாட்டில் ஒரு பலகை, குதிகாலில் ஒரு பலகை, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம். அதுவே நம்பத்தகுந்த எண்.

நம் வழக்குக்குத் திரும்புவோம். 170 செ.மீ. சடலத்தையும் 165.1 என்று படித்த புகாரையும் நேராக ஒப்பிட்டால் வித்தியாசம் கிட்டத்தட்ட 5 செ.மீ. பார்ப்பவர் 'இவர் இல்லை' என்று காகிதத்தை ஒதுக்கிவிடுவார். அந்த வீட்டுக்காரர்கள் வேறு ஊர் பிணவறைகளுக்கு அலைவார்கள். அவர்களிடம் கொஞ்சம் விசாரித்தால், அவர் 22 வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர், சேரும்போது அளந்த உயரம் 168 செ.மீ. என்று பணிப் பதிவேட்டில் இருப்பது தெரிகிறது. அப்படியானால் '5.5' என்பது ஐந்தரை அடி. வீட்டில் நினைவிலிருந்து சொன்ன உயரத்தைவிட, காலணி இல்லாமல் அளந்து எழுதிய எண்ணுக்கே முதலிடம்.

வயதையும் பார்க்க வேண்டும். முப்பது வயதுக்கு மேல் ஆண்டுக்கு 0.06 செ.மீ. குறைவதாக அமெரிக்க ஆய்வாளர்களான ட்ராட்டர், கிளெஸர் இருவரும் ஒரு கணக்குச் சொன்னார்கள். 54 வயதுக்கு அது 1.4 செ.மீ. ஆகவே கடைசிக் காலத்தில் அவர் சுமார் 166.5 செ.மீ. இருந்திருப்பார். இறந்த பின் 2 செ.மீ. சேர்த்தால் 168.5 எதிர்பார்க்கலாம். அளந்தது 170. ஒன்றரை செ.மீ. வித்தியாசம் இத்தகைய அளவுகளில் சாதாரணம். இவரைத் தள்ளக் காரணம் இல்லை, அவ்வளவுதான். இவர்தான் என்று உயரம் ஒருபோதும் சொல்லாது. அதற்குக் கைரேகை, பல், டி.என்.ஏ. வேண்டும்.

எலும்பு மட்டும் கிடைத்தால் வேறொரு தவறு காத்திருக்கிறது: ஒரே திருத்தத்தை இரண்டு முறை செய்வது. 1888-இல் பிரான்சின் லியோனில் ரோலே என்ற மருத்துவர் பிரேதங்களை அளந்து எலும்பு நீளங்களைச் சேகரித்தார். அந்த அளவுகளைக் கொண்டு மனுவ்ரியே என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் உருவாக்கிய அட்டவணை தருவது பிரேத நீளம். உயிருள்ள உயரம் வேண்டுமென்றால் அதில் 2 செ.மீ. கழிக்க வேண்டும். ட்ராட்டரும் கிளெஸரும் 1952-இல் வெளியிட்ட சூத்திரங்களின் கதை வேறு. போரில் இறந்த வீரர்கள் படையில் சேர்ந்தபோது நின்று அளந்த உயரமே அவற்றுக்கு அடிப்படை, கூடவே எடுத்துக்கொண்ட பிரேத அளவுகளில் அவர்களே 2.5 செ.மீ. கழித்துவிட்டார்கள். அதில் வரும் விடை ஏற்கெனவே உயிருள்ள உயரம்.

44 செ.மீ. தொடை எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அமெரிக்க ஆண்களுக்கான சூத்திரம் இது:

2.38 × 44 + 61.41 = 166.1

பிழை வரம்பு இரண்டு பக்கமும் 3.27 செ.மீ. இதிலிருந்து 'இறந்த உடல்தானே' என்று இன்னும் 2.5 கழித்தால் 163.6 ஆகிவிடும். பதிவேட்டில் 168 உள்ளவர் வரம்புக்கு வெளியே போய்விடுவார். கழிக்காமல் விட்டால் உள்ளேயே இருக்கிறார். அத்துடன், இந்தச் சூத்திரம் நம் ஊர்க்காரர்களை அளந்து செய்ததல்ல. கை கால் விகிதம் மக்களுக்கு மக்கள் மாறும் என்பதால் நம்மவர்களுக்கு அதை அப்படியே பொருத்துவதும் தோராயம்தான்.

புதுச்சேரியில் பழைய வழக்குகளுக்கு ஒரு வசதி உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் பதிவேடுகளில் உயரம் மீட்டர், சென்டிமீட்டரில் எழுதப்பட்டிருக்கும். அடி, அங்குலக் குழப்பம் அங்கே இல்லை. ஆனால் அதுவும் இளம் வயது உயரம் என்பதால் வயதுத் திருத்தம் தேவை.

கடைசியாக, அறிக்கை எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அளந்த நீளத்தை எதுவும் கழிக்காமல் அப்படியே எழுதுங்கள். பக்கத்திலேயே 'மல்லாத்தி, உச்சி முதல் குதிகால் வரை, விறைப்பு விலகிய நிலையில்' என்று ஒரு வரி சேருங்கள். கழிப்பதை ஒப்பிடுபவர் செய்யட்டும். அறிக்கையிலேயே கழித்துவிட்டால் அடுத்தவரும் கழிப்பார், அப்போது நான்கு செ.மீ. காணாமல் போயிருக்கும்.