செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறதா? முதலில் தூரத்தைப் பாருங்கள்

ஒரு பெண் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். வரன் பார்ப்பவர்களுக்குக் கொடுக்க ஒரு படம் வேண்டும். "அண்ணா, மூக்கை மட்டும் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சின்னதாக்கிடுங்க" என்று கேட்டுக்கொண்டு, போனில் இருந்த செல்ஃபிகளைக் காட்டினார். எல்லாமே முழங்கையை மடக்கி, முகத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் எடுத்தவை. மூக்கு முன்னால் வந்து நின்றது, காதுகள் கன்னத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தன. எதிரில் உட்கார்ந்திருந்தவரின் மூக்கோ அளவாகத்தான் இருந்தது.

இதைக் கேட்டால் பலரும் "போன் லென்ஸ் அப்படித்தான்" என்பார்கள். முதல் தவறு இதுதான். முகத்தை மாற்றுவது லென்ஸ் இல்லை, தூரம். ஒரு பொருள் இரண்டு மடங்கு தள்ளிப்போனால் படத்தில் பாதியாகத் தெரியும். முகம் தட்டையான பலகை இல்லையே! மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே சுமார் 12 செ.மீ. ஆழம் இருக்கிறது. போன் மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். 42-ஐ 30-ஆல் வகுத்தால் 1.4. அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு நுனி 40 சதவீதம் பெரிதாகப் பதிவாகிறது. அதே போனை 150 செ.மீ. தள்ளி வையுங்கள். இப்போது 162-ஐ 150-ஆல் வகுக்க வேண்டும், 1.08 தான் வருகிறது. அந்த 12 செ.மீ. மாறவே இல்லை. தூரம் கூடியதும் அது பொருட்டில்லாமல் போய்விட்டது.

2018-ல் அமெரிக்காவில் போரிஸ் பாஸ்கோவர் என்ற முக அறுவை மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஐந்து அடியிலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடித் தெரிகிறது என்பது அவர்கள் கணக்கு. செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கச் சொல்லி வருபவர்களைப் பார்த்துத்தான் அவர் இதில் இறங்கினார். செல்ஃபியை வைத்து மூக்கு அறுவைக்குப் போவதை மிகப் பெரிய தவறு என்றே சொல்வேன். கேமராவின் தூரத்தால் வந்த குறைக்கு உடம்பில் கத்தி வைக்கக் கூடாது.

நெற்றி விஷயமும் இதே கணக்குதான். முகம் மெலிந்து தெரியும் என்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார்கள். அப்போது நெற்றி கேமராவுக்கு அருகில் வருகிறது, தாடை விலகிப்போகிறது. தாடை சிறுத்து, நெற்றி ஏறிப்போகும். போனைக் கண் மட்டத்துக்கு இறக்கினாலே இதில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

அப்புறம், ஜூம். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினால் எதுவும் மாறாது, ஓரங்கள் வெட்டுப்படும், அவ்வளவுதான். போர்ட்ரெய்ட் மோடும் பின்னணியை மங்கலாக்குமே தவிர, மூக்கின் அளவை மாற்றாது. முதலில் பின்னால் போக வேண்டும், அதன் பிறகுதான் ஜூம். ஸ்டுடியோக்காரர்கள் 85 மி.மீ. லென்ஸ் வைத்து முகம் எடுப்பதற்கும் காரணம் இதுதான். அதில் முகமும் தோளும் சட்டத்தில் அடங்க வேண்டுமானால் தள்ளி நின்றே ஆக வேண்டும்.

அந்தப் பெண்ணின் போனையே வாங்கி, அலமாரித் தட்டில் அவர் கண் உயரத்துக்கு நிறுத்தினேன். பின்பக்கக் கேமரா, 2x, 10 விநாடி டைமர். அவரை ஐந்தடி தள்ளி உட்கார வைத்தேன். தலை முதல் இடுப்பு வரை வந்தது; வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொண்டோம். செல்ஃபியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர், முதலில் கவனித்தது மூக்கை இல்லை, காதை. "காது ரெண்டும் தெரியுது" என்றார். மற்ற படங்களிலும் இதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். நேராகப் பார்க்கும் முகத்தில் காதுகள் சிறுத்தோ மறைந்தோ இருந்தால், கேமரா மிக அருகில் இருந்திருக்கிறது.

அதற்காக எவ்வளவு தள்ளிப்போகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கவும் கூடாது. ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று பெரிய ஜூமில் எடுத்தால் முகம் தட்டையாகி, அகலமாகத் தெரியும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் என்பது நாம் ஒருவரோடு நின்று பேசும் தூரத்தை ஒட்டியது, அதனால்தான் அந்தப் படம் நமக்குப் பழகிய முகமாகப் படுகிறது.

சரி, வெளியில் இருக்கிறோம், செல்ஃபிதான் எடுக்க முடியும் என்றால்? கையை முழுதாக நீட்டுங்கள். போன் 60 செ.மீ. தூரத்துக்குப் போனாலே 1.4 என்பது 1.2 ஆகிவிடும். செல்ஃபி ஸ்டிக்கில் ஒரு மீட்டர் தூரத்துக்குத் தள்ளினால் 1.12.