மூலைவிட்டத்தில் நின்ற 33 பெயர்கள்

ஊழியர்களின் இப்போதைய செயல்திறனை ஒரு பக்கமும், பெரிய பொறுப்புக்கு உயரும் வளர்திறனை மறுபக்கமும் மும்மூன்று நிலைகளாக வைக்கும் ஒன்பது கட்ட அட்டவணையை முதல்முறை நிரப்பி, 40 பெயர்களையும் சுவரில் ஒட்டினோம். 33 பெயர்கள் மூலைவிட்டத்திலேயே நின்றன. செயல்திறன் உயர்வு என்றால் வளர்திறனும் உயர்வு, ஒன்று நடுத்தரம் என்றால் மற்றதும் நடுத்தரம். மேலாளர்கள் ஒரே மதிப்பெண்ணை இரண்டு தடவை போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அடுத்த சுற்றில் வளர்திறனை மட்டும் தனியாக, இரண்டு வாரம் முன்னதாகவே கேட்டேன். உயர்வா தாழ்வா என்று கேட்கவில்லை. பழக்கமில்லாத வேலை வந்தபோது என்ன செய்தார்? தவறைச் சுட்டியபின் எதை மாற்றினார்? பெரிய பொறுப்பை அவரே விரும்புகிறாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு வளர்திறன் காலி.

எங்கள் மூத்த கணக்காளர் முதல் சுற்றில் உச்சக் கட்டத்தில் இருந்தவர். மாதக் கணக்கைப் பிழையில்லாமல் முடிப்பவர். மூன்றாவது கேள்வியில் மேலாளர் பேனாவை வைத்துவிட்டார். "இதை அவரிடம் கேட்டதே இல்லையே!" கேட்டோம். ஆட்களை நிர்வகிக்க விருப்பமில்லை, சிக்கலான வரிக் கணக்குகள் வேண்டும் என்றார். சரி, வளர்திறன் நடுத்தரத்துக்கு வந்தது. சம்பள உயர்வு செயல்திறனைப் பார்த்துத்தான், அதனால் அது குறையவில்லை. அவரைக் குழுத்தலைவராக்கும் திட்டத்தை அன்றே கைவிட்டோம்.

இந்த முறை மூலைவிட்டத்தில் 19 பேர். ஆறு பேருக்கு வளர்திறன் காலி, அவர்களுக்கு இன்னும் புது வேலையே கொடுத்துப் பார்க்கவில்லை.