போலிஞ்சர் பேண்ட் சுருங்கினா முதல்ல 20 நாள் பின்னாடி பாருங்க

பேண்ட் திடீர்னு சுருங்கிட்டா உடனே ஆர்டர் போடாதீங்க, சார்ட்ல சரியா 20 கேண்டில் பின்னாடி போய் அங்க ஒரு பெரிய கேப் இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த ஸ்க்வீஸை நம்ப வேணாம்.

ஏன்னா பேண்டோட அகலம் கடைசி 20 குளோசிங் விலையோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன்ல இருந்து வருது. ரிசல்ட் அன்னிக்கு 450ல இருந்து 500க்கு குதிச்ச ஷேர் அதுக்கப்புறம் ஒரு நாள் 495, மறுநாள் 505னு மாறி மாறி குளோஸ் ஆயிட்டு இருக்குன்னு வைங்க, கணக்குல ஒரே ஒரு 450 மிச்சம் இருக்குற வரைக்கும் அகலம் கிட்டத்தட்ட 48 ரூபா, அது வெளிய போன மறுநாளே 20 ரூபா ஆயிடும், ஆனா தினசரி ஹை-லோ ரேஞ்ச் அப்படியேதான் இருக்கு, மார்க்கெட் அமைதியானதால வந்த சுருக்கம் இல்ல இது.

கேப்பே இல்லாம தினசரி ரேஞ்சும் சேர்ந்து குறைஞ்சிருந்தா அது நிஜ ஸ்க்வீஸ், அப்பவும் பல வாரம் அப்படியே கிடக்கலாம், எந்தப் பக்கம் போகும்னும் சொல்லாது, அதனால வால்யூமோட பேண்டுக்கு வெளிய குளோஸ் ஆகுற வரைக்கும் பொறுங்க.

ஓப்பன் ஆஃபர் வந்து ஆஃபர் விலைகிட்டயே ஒட்டிக்கிட்டு நிக்கிற ஷேருக்கு இந்தக் குறிப்பு செல்லாது, அங்க ரேஞ்சும் குறைஞ்சுதான் இருக்கும், ஆனா டீல் முடியுற வரைக்கும் பெரிய மூவ் வர்றது கஷ்டம்.