கிளவுட் பதிவு பாதியில் நின்றுபோகிறதா? சப்போர்ட்டுக்கு இப்படி எழுதிப் பாருங்கள்

பிளஸ் டூ கணக்குப்பதிவியலுக்கு ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி இரவு ஏழு முதல் எட்டரை வரை. வராத பிள்ளைகளுக்காக வகுப்பைக் கிளவுடில் பதிவு செய்து லிங்க் அனுப்புவது வழக்கம். போன ஜூலையில் ஒரு பையன் மெசேஜ் அனுப்பினான்: "சார், சராசரி லாபம் எவ்வளவு?" பதிவைத் திறந்து பார்த்தேன். நற்பெயர் கணக்கில் "ஆக, மூன்று வருடச் சராசரி லாபம்..." என்று நான் வாயைத் திறக்கும் இடத்தில் வீடியோ முடிந்துவிட்டது. வகுப்போ அதற்குப் பிறகும் நாற்பது நிமிடம் ஓடியது.

அன்றிரவே அந்த வீடியோ மென்பொருளின் சப்போர்ட்டுக்குக் கோபமாக ஒரு மெயில் போட்டேன். "உங்கள் ரெக்கார்டிங் எப்போதும் பாதியில் நின்றுவிடுகிறது. பணம் கட்டியும் இப்படியா?" மறுநாள் பதில் வந்தது: செயலியை அப்டேட் செய்யுங்கள், கேஷை அழியுங்கள், இணைய வேகத்தைச் சோதியுங்கள். என்னைப் போலவே அந்தப் பதிலைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

இப்போது அந்த மெயிலைப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. "எப்போதும்" என்றால் எத்தனை முறை? "பாதி" என்றால் எத்தனையாவது நிமிடம்? இரண்டுக்கும் அதில் பதில் இல்லை.

முதலில் எது மாறாமல் இருக்கிறது என்று பாருங்கள்

மெயில் எழுதும் முன் குறைந்தது மூன்று வகுப்புகளின் பதிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு "பிராசஸிங்" முடிந்து முழுமையாக வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். அரைகுறையாக இருக்கும்போது பார்த்துவிட்டுப் புகார் செய்தால் நம் பேச்சு எடுபடாது.

ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் குறியுங்கள்: பதிவு தொடங்கிய நேரம், பதிவின் நீளம், கோப்பின் அளவு. நீளம் மட்டும் மாறாமல் இருந்தால் எங்கோ ஒரு கால வரம்பு உட்கார்ந்திருக்கிறது. கடிகார நேரம் மாறாமல் இருந்தால் (என்றைக்கும் 7:50க்கே நிற்கிறது என்றால்) முதலில் நம் வீட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்: அந்த நேரத்தில் யார் உள்ளே வருகிறார்கள், எந்தக் கருவி ரீஸ்டார்ட் ஆகிறது என்று. வாரம் முழுக்க நன்றாக ஓடிக் கடைசி வகுப்பில் மட்டும் நின்றால் சேமிப்பிடம் நிரம்பியிருக்கலாம். எதுவுமே ஒத்துப்போகாமல் கண்டபடி நின்றால் பெரும்பாலும் இணையம்.

நீளத்தைப் பார்க்க வீடியோ பிளேயரை நம்பாதீர்கள். அது நொடிக்குக் கீழே உள்ளதை விழுங்கிவிடும். எனக்குப் பிடித்தது ffprobe என்ற கருவி. ffmpeg என்ற இலவச வீடியோ மென்பொருளை நிறுவினால் கூடவே வரும். பதிவை இறக்கி வைத்துக்கொண்டு, கட்டளைச் சாளரத்தில் இப்படிக் கேளுங்கள்:

```
ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 class.mp4
```

நொடிக்கணக்கில் ஒரே ஓர் எண் வரும். எனக்கு வந்தவை 2700.03, 2700.05, 2699.98. மூன்றும் 45 நிமிடம், அச்சடித்த மாதிரி. அதிலும் ஜூலை 9ஆம் தேதி மின்தடையால் வகுப்பே 7:21க்குத்தான் தொடங்கியது. அன்றும் அதே 2700. இணையம் அறுந்தால் இப்படி வட்டமான எண் மூன்று தடவை வராது. யாரோ எங்கோ 45 என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

சரி, அந்த 45 நிமிடம் வகுப்புக்கா, ஒரு பதிவுக்கா? ஜூலை 14 அன்று வேண்டுமென்றே 30ஆவது நிமிடத்தில் பதிவை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து மறுபடி தொடங்கினேன். வரம்பு வகுப்புக்கு என்றால் இரண்டாவது துண்டு 15 நிமிடத்தில் நின்றிருக்க வேண்டும். அதுவும் முழுதாக 45 நிமிடம் ஓடித்தான் நின்றது. ஆக, ஒவ்வொரு பதிவுக்கும் தனி வரம்பு. இதில் ஒரு தற்காலிக வழியும் கிடைத்தது: 40 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் வகுப்பு முழுதும் கிடைக்கும். அந்த இரண்டு வாரம் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு அப்படித்தான் ஓட்டினேன்.

என்னைக் கவிழ்த்த இடம்: நேரம்

இவ்வளவும் எடுத்துக்கொண்டு இரண்டாவது மெயில் எழுதினேன். "ஜூலை 7 இரவு 7:04க்குத் தொடங்கிய பதிவு" என்று தெளிவாகவே எழுதியிருந்தேன். பதில் என்ன தெரியுமா? "நீங்கள் சொன்ன நேரத்தில் உங்கள் கணக்கில் எந்த மீட்டிங்கும் நடக்கவில்லை." தூக்கிவாரிப்போட்டது. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

விஷயம் இதுதான். எப்போது என்ன நடந்தது என்று சர்வர் குறித்து வைக்கும் லாக் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். என் 7:04ஐ அவர்கள் அப்படியே 19:04 யூடிசி என்று எடுத்துத் தேடியிருக்கிறார்கள். அது நமக்கு நள்ளிரவு தாண்டி 12:34. அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்தால் யூடிசி. 19:04இலிருந்து 5:30 போனால் 13:34. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். யூடிசியை மட்டும் எழுதினால் நாளைக்கு நமக்கே குழம்பும்.

இன்னொன்று: வாரந்தோறும் திரும்ப வரும் வகுப்பு என்றால் மீட்டிங் எண் எல்லா நாளும் ஒன்றுதான். அதை மட்டும் கொடுத்தால் எந்த நாள் வகுப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. எண்ணோடு தேதியும் தொடக்க நேரமும் சேர்ந்தே போக வேண்டும். உங்கள் கணக்கின் ரிப்போர்ட் பக்கத்தில் ஒவ்வொரு நாளுக்கும் தனி அடையாளம் காட்டினால் அதையும் ஒட்டிவிடுங்கள்.

வேலை செய்த மெயில்

ஆங்கிலத்தில்தான் அனுப்பினேன். இங்கே தமிழில் தருகிறேன்.

> பொருள்: கிளவுட் பதிவு ஒவ்வொரு முறையும் சரியாக 45 நிமிடத்தில் நிற்கிறது (4 வகுப்புகள், விவரம் உள்ளே)
>
> வணக்கம். என் கட்டணக் கணக்கில் கிளவுட் பதிவு 45 நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது. மீட்டிங் நிற்பதில்லை; 8:30 வரை எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். பதிவு நின்றதாகத் திரையில் எந்தச் செய்தியும் வருவதில்லை.
>
> ஜூலை 7: தொடக்கம் 19:04 இந்திய நேரம் / 13:34 யூடிசி, நீளம் 2700.03 நொடி, 212 எம்பி
> ஜூலை 9: தொடக்கம் 19:21 / 13:51 யூடிசி, 2700.05 நொடி, 186 எம்பி
> ஜூலை 11: தொடக்கம் 19:02 / 13:32 யூடிசி, 2699.98 நொடி, 240 எம்பி
> ஜூலை 14: 30 நிமிடத்தில் நானே நிறுத்தினேன். 19:34 / 14:04 யூடிசிக்கு மறுபடி தொடங்கிய பதிவும் 45 நிமிடத்தில் நின்றது.
>
> தொடக்க நேரமும் கோப்பின் அளவும் மாறுகின்றன; நீளம் மாறவில்லை. சேமிப்பிடத்தில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. என் திட்டத்தின் பக்கத்தில் பதிவுக்குக் கால வரம்பு எதுவும் சொல்லப்படவில்லை. செயலியை அப்டேட் செய்து, கேஷையும் அழித்துப் பார்த்துவிட்டேன்.
>
> என் கேள்வி இரண்டு. என் கணக்கில் ஒரு பதிவுக்கு 45 நிமிட வரம்பு இருக்கிறதா? ஜூலை 7 அன்று 14:19 யூடிசிக்குப் பதிவை நிறுத்தச் சொன்னது யார் என்று உங்கள் லாகில் என்ன இருக்கிறது?

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். கிளவுட் பதிவை எழுதுவது அவர்கள் சர்வர். பொத்தானை அழுத்தியவர் யார், அல்லது சர்வரே நிறுத்தியதா என்பது அங்கேதான் பதிவாகியிருக்கும். "சரிசெய்து தாருங்கள்" என்று முடித்தால் பொதுவான பதில் வரும். ஒரு குறிப்பிட்ட நிமிடத்தைக் காட்டிக் கேட்டால் யாராவது லாகைத் திறந்தே ஆக வேண்டும். ஏற்கனவே செய்து பார்த்ததைச் சொல்லிவிடுவதும் அதனால்தான். அந்த "கேஷை அழியுங்கள்" பதிலுக்கு அப்போது இடமில்லை.

ஸ்கிரீன்ஷாட்டுகளை வேர்ட் கோப்பில் ஒட்டி அனுப்பாதீர்கள். படத்தில் இருக்கும் நேரத்தை அவர்களால் காப்பி செய்து தேட முடியாது. வெறும் எழுத்தாகவே இருக்கட்டும். பதிவின் பொது லிங்க்கையும் அனுப்பாதீர்கள், அதில் பிள்ளைகள் முகமும் பெயரும் இருக்கின்றன. வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள், அப்போது அவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். பாஸ்வேர்டை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், இதைப் புதிய மெயிலாக அனுப்பாமல் பழைய பதில் வந்த மெயிலுக்கே ரிப்ளையாக அனுப்புங்கள். புதிதாக அனுப்பினால் புது டிக்கெட் திறந்து மறுபடி முதல் ஆளிடம் போய் நிற்கும். நான் இரண்டாவது மெயிலை அப்படி அனுப்பி நான்கு நாளைத் தொலைத்தேன்.

மூன்றாவது நாள் வேறொருவர் எழுதினார். நிறுத்தியது சர்வர்தான். நான் இலவசச் சோதனையில் சேர்ந்தபோது கணக்கில் விழுந்த 45 நிமிட வரம்பு, பணம் கட்டித் திட்டம் மாறிய பிறகும் நீங்கவில்லை. எடுத்துவிட்டார்கள். அடுத்த வகுப்பின் நீளம் 5291 நொடி.

பிற்சேர்க்கை 1: கமெண்டில் ஓர் இசை ஆசிரியை தன் பதிவுகள் 17, 63, 38 நிமிடம் என்று கண்டபடி நிற்பதாகச் சொன்னார். பார்த்தால், அவர் இணையம் அறுந்து திரும்பும்போதெல்லாம் பதிவு இரண்டாவது கோப்பாகத் தொடர்ந்திருக்கிறது. அதே பக்கத்தில் சற்றுக் கீழே கிடந்தது, அவர் முதல் கோப்பை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தார். புகார் எழுதும் முன் அந்தப் பக்கத்தைக் கடைசிவரை உருட்டிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: காலை ஐந்து மணிக்கு யோகா வகுப்பு எடுப்பவர் ஒருவர் "இப்போதும் மீட்டிங் இல்லை என்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். காலை ஐந்தரைக்கு முன் நடப்பதெல்லாம் யூடிசியில் முந்தைய நாள். ஜூலை 22 காலை 5:00 என்பது ஜூலை 21, 23:30 யூடிசி. அவர் நேரத்தை மாற்றியிருந்தார், தேதியை மாற்றவில்லை.