ஆலா, ஓடா? 'வைத்து' போட்டுப் பாருங்கள்

ஒரு சொல்லின் முடிவில் 'ஆல்' உருபு வருமா, 'ஓடு' உருபு வருமா என்று சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லோடு 'வைத்து' சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் 'ஆல்', 'சேர்ந்து' பொருந்தினால் 'ஓடு' அல்லது 'உடன்'. கத்தியை வைத்து வெட்டினேன், அதனால் 'கத்தியால் வெட்டினேன்'. தங்கையுடன் சேர்ந்து மெரினா போனேன், அதனால் 'தங்கையோடு போனேன்'.

ஆல் வேலை செய்யும் கருவியைக் காட்டும், ஓடு கூட இருப்பதைக் காட்டும். ஆளா பொருளா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 'குடையோடு வந்தார்' என்றால் குடை கையில் இருந்தது, அவ்வளவுதான். 'குடையால் நாயை விரட்டினார்' என்றால் குடைக்கு வேலை இருந்தது. 'பேனாவோடு எழுதினேன்' என்பது இதனால்தான் இடறுகிறது.

சில இடங்களில் இது உதவாது. 'என்னால் முடியும்', 'மழையால் ரயில் தாமதம்' இரண்டிலும் கருவி இல்லை: முதலாவது இயலுமை, அடுத்தது காரணம். பஸ், ரயில் பயணத்துக்கு 'இல்' போதும்: 'பஸ்ஸில் தாம்பரம் போனேன்'. அப்புறம், சென்னைப் பேச்சில் 'அம்மாவோட பை' என்பதில் வரும் 'ஓட' துணையைக் குறிப்பதில்லை. எழுதும்போது அதை 'அம்மாவுடைய பை' என்று மாற்றிவிடுங்கள்.