பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை: மருந்தாக நம்பும்போது எங்கே தவறுகிறோம்?

மூன்றும் ஒரே தாளிப்பில் விழுவதால் மூன்றுக்கும் ஒரே அளவு ஆதாரம் இருப்பதாக நினைத்துவிடுகிறோம். உண்மையில் இஞ்சிக்குக் குமட்டலில் நல்ல ஆதாரம் உண்டு. பூண்டுக்குக் கொலஸ்ட்ராலில் கொஞ்சம் உண்டு. கறிவேப்பிலைக்கு இருப்பது பெரும்பாலும் எலி ஆய்வுகள்.

அதிகம் சேதம் விளைவிப்பது பூண்டுத் தவறுதான். ஒருவருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 160 என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் அதைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை எழுதித் தருகிறார். நோயாளி அதை வாங்காமல் தினமும் காலையில் ஒரு பல் பூண்டு மெல்லுகிறார். மூன்று மாதம் கழித்து 151. "பார்த்தீர்களா, குறைகிறது!" என்கிறார்.

இந்த 9 புள்ளி பூண்டினால் குறைந்ததாகவே இருக்கலாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில், கொலஸ்ட்ரால் கூடியிருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் பூண்டு எடுத்தபோது எல்.டி.எல். சராசரியாக அவ்வளவுதான் குறைந்தது. ஆனால் மருந்தோ பூண்டோ எதுவும் எடுக்காதவருக்கும் இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே இந்த அளவு ஏற்ற இறக்கம் வரும். ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து இது பூண்டின் வேலையா, வழக்கமான ஆட்டமா என்று பிரிக்க முடியாது. நடுத்தர அளவு ஸ்டாட்டின் 30 சதவீதமாவது குறைக்கும். இவரது 160 அப்போது 112-க்கு அருகே வந்திருக்கும். ஆகவே மாத்திரைக்கு மாற்றாகப் பூண்டை வைப்பதுதான் தவறு, பூண்டு தின்பது அல்ல.

"சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான் பலன் இல்லை" என்பது அடுத்த வாதம். அதில் பாதி உண்மை. பூண்டின் காரமான சேர்மமான அல்லிசின் முழுப் பல்லில் இருப்பதில்லை. நசுக்கும்போது ஒரு நொதி அதை உருவாக்குகிறது. முழுப் பல்லைக் கொதிநீரில் போட்டால் நொதி வெந்து செயலிழந்துவிடும். முழுதாக விழுங்கினால் வயிற்று அமிலம் அதைச் செயலிழக்க வைக்கும். நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு சமைத்தால் ஓரளவு தப்பும். ஆனால் மிச்சப் பாதியை 2007-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு சொல்கிறது. எல்.டி.எல். மிதமாக உயர்ந்திருந்த 192 பேரை நான்கு குழுவாகப் பிரித்து, நசுக்கிய பச்சைப் பூண்டு, இரு வகைப் பூண்டு மாத்திரைகள், போலி மாத்திரை என ஆறு மாதம் கொடுத்தார்கள். அளவு ஏறக்குறைய ஒரு சராசரிப் பல். எந்தக் குழுவிலும் எல்.டி.எல். குறிப்பிடும்படி குறையவில்லை. செய்முறை சரியாக இருந்தும் இதுதான் முடிவு.

இன்னொன்று: செறிவூட்டிய பூண்டு மாத்திரை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்களும், அறுவைக்குத் தேதி குறித்தவர்களும் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். "அது வெறும் பூண்டுதானே" என்று மறைப்பதில்தான் ஆபத்து. வாயு உப்புசத்துக்குப் பூண்டு நல்லது என்பதும் பலருக்குத் தலைகீழ். அதிலுள்ள ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட் வகை சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலில் புளிக்கிறது. குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு உப்புசத்தைக் கூட்டுவதே அதுதான்.

இஞ்சிக்கு வருவோம். கர்ப்பக் குமட்டலுக்கு ஆய்வுகளில் பயன்பட்ட அளவு பெரும்பாலும் நாளுக்கு 1 கிராம் சுக்குப்பொடி. அதை நான்காகப் பிரித்து, வேளைக்கு கால் கிராம் வீதம் கொடுத்தார்கள். பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், ஆகவே அதே அளவுக்குச் சுமார் 5 கிராம் வேண்டும். தேநீரில் மிதக்கும் ஒரு மெல்லிய துண்டு அந்தக் கணக்கில் வராது. குமட்டல் உணர்வு குறைவது தெளிவாகத் தெரிகிறது, வாந்தி எத்தனை முறை என்பதில் பலன் அவ்வளவு உறுதியில்லை. தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், சிறுநீர் அடர்ந்து குறைந்தால் இஞ்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாது, மருத்துவமனைதான். கீமோதெரபி எடுப்பவர்களிடம் நடந்த ஆய்வுகளிலும் இஞ்சியைக் குமட்டல் மருந்தோடு சேர்த்தே கொடுத்தார்கள், மருந்தை நிறுத்திவிட்டு அல்ல.

செரிமானத்தில் கதை வேறு. அஜீரணம் உள்ளவர்களுக்கு 1.2 கிராம் இஞ்சி கொடுத்தபோது இரைப்பை சற்று வேகமாகக் காலியானது, ஆனால் அவர்களின் தொந்தரவு குறைந்ததாகத் தெரியவில்லை. நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு இஞ்சி அதைக் கூட்டவும் செய்யும்.

கறிவேப்பிலை பற்றிப் பகிரப்படும் "ஆய்வு நிரூபித்தது" செய்திகளில் முதலில் பார்க்க வேண்டியது யாருக்குக் கொடுத்தார்கள் என்பது. 2010-இல் வந்த ஓர் ஆய்வில் கொழுப்புணவு தின்ற எலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் வீதம் கொடுத்துக் கொலஸ்ட்ரால் குறைந்ததைக் கண்டார்கள். கொடுத்தது இலை அல்ல, டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானில் பிரித்தெடுத்த சாரம். வெறும் வயிற்றில் பத்து இலை மெல்லுவதற்கும் அதற்கும் தொடர்பு குறைவு. மனிதர்களிடம் கொலஸ்ட்ராலைக் குறைப்பதாகக் காட்டிய பெரிய, தரமான சோதனை எதுவும் இதற்கு இல்லை. வாசனைக்காகச் சேர்த்த இலையை ஒதுக்காமல் தின்பதில் தவறில்லை. அதை நம்பி அடுத்த லிப்பிட் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் தவறு.