x − 3, 3 − x: வெட்டும்போது மைனஸை விட்டுவிடாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னிடம் டியூஷன் வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விகிதமுறு கோவைகளில் மதிப்பெண்ணை விடுவது பெரும்பாலும் இங்கேதான். (x² − 9)/(3 − x) என்ற கணக்கில், மேலே (x + 3)(x − 3) என்று காரணிப்படுத்தியதும், x − 3-ஐயும் 3 − x-ஐயும் ஒன்றென்று வெட்டி, x + 3 என்று முடித்துவிடுகிறார்கள்.

x = 5 போட்டுப் பாருங்கள். x − 3 என்பது 2, 3 − x என்பது −2. எந்த எண்ணைப் போட்டாலும் குறி மட்டும்தான் மாறும், ஏனென்றால் 3 − x = −(x − 3). அதனால் வெட்டுவதற்கு முன் கீழே −(x − 3) என்று மாற்றி எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுதாமல் விடவே கூடாது. விடை −(x + 3), x ≠ 3.

சரிபார்க்க அதே 5 போதும்: 16/(−2) = −8; −(5 + 3) என்றாலும் −8.

கூட்டலில் இந்தச் சிக்கல் இல்லை. x + 3, 3 + x இரண்டும் ஒன்றே, அப்படியே வெட்டலாம்.